காலி செய்த வீடு, வராத அட்வான்ஸ்



வீட்டைக் காலி செய்து மாதங்கள் ஓடிவிட்டன, ஹவுஸ் ஓனர் இன்னும் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை, என்ன செய்வது என்று கேட்டு உங்களில் பலர் எழுதுகிறீர்கள். சென்னைப் புறநகரில் குடியிருக்கும் வாசகி ஒருவரின் கடிதம் அவற்றில் மிகத் தெளிவாக இருந்தது. வாடகை ஒப்பந்தத்தின் நகல், வாட்ஸ்அப் உரையாடல்கள், கணக்கு என எல்லாவற்றையும் இணைத்திருந்தார். அவருடைய அனுமதியோடு, பெயரும் இடமும் சொல்லாமல், அவருடைய வழக்கையே இந்தப் பக்கத்தில் படிப்படியாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

மாத வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சம், வங்கி வழியாகக் கொடுத்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, மே 31 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டார். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தந்துவிட வேண்டும், பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜூன் 30-க்குள் வர வேண்டிய பணம் ஜூலை நடுவிலும் வரவில்லை. போன் செய்தால் ஓனர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “புது ஆள் வரட்டும்மா. வந்ததும் மொத்தமா குடுத்துடறேன்.”

இந்தப் பதிலில் பெரும்பாலும் பொய் இருக்காது. தாமதத்தின் காரணமும் அதிலேயே இருக்கிறது. நம் ஊரில் அட்வான்ஸ் பணத்தை யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை. வாங்கிய மாதமே அது ஒரு கடனுக்கோ கல்யாணத்துக்கோ மாடி கட்டுவதற்கோ போய்விடுகிறது. அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் போனவருக்குத் தருவது என்பது வழக்கமாகிவிட்டது. ஆனால், புது ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் ஒப்பந்தத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. வீடு காலியாகக் கிடப்பது ஓனருடைய சிரமம். அதை நாம் புரிந்துகொள்ளலாம். அதற்காக நம் பணம் காலவரையறை இல்லாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் வாசகி ஆறு வாரங்களாக ஓனரிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: “எப்போ சார் தருவீங்க?” இந்தக் கேள்விக்கு “சீக்கிரம்” என்ற பதில் போதும். ஓனரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு எழுதியது இதுதான்: இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் மூன்றில் ஒரு பதிலாவது எழுத்தில் வர வேண்டும். இவ்வளவு தருகிறேன் என்ற தொகை, அல்லது இன்ன நாளில் தருகிறேன் என்ற தேதி, அல்லது இதனால் தர முடியாது என்ற காரணம். இந்த மூன்றும் இல்லாத பதில் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

முதல் படிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்களுக்கு வர வேண்டிய தொகை என்ன என்பதை நீங்களே கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுத வேண்டும். பலரும் “அட்வான்ஸைத் தாங்க” என்று கேட்கிறார்களே தவிர, எவ்வளவு என்று சொல்வதில்லை. தொகை சொல்லாதவரை, கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஓனர் நாளைக் கடத்த இடம் இருக்கிறது. வாசகியின் கணக்கு இது: அட்வான்ஸ் 1,00,000. ஒப்பந்தப்படி பெயின்ட்டுக்கு 14,000. காலி செய்த அன்று மீட்டரைப் பார்த்துக் குறித்த கடைசி ஈ.பி. பில் 1,860. வாடகை பாக்கி இல்லை. வர வேண்டியது 84,140 ரூபாய். தனக்குப் பாதகமான கழிவுகளையும் அவரே எழுதியதுதான் இந்தத் தாளின் பலம். படிப்பவர் யாராக இருந்தாலும், நியாயமாகக் கேட்கிறார் என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இத்தோடு நான்கு ஆதாரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், அட்வான்ஸ் போனதைக் காட்டும் வங்கிப் பதிவு, குடிவந்தபோதும் காலி செய்தபோதும் எடுத்த படங்கள், சாவி கொடுத்ததற்கான சான்று. கடைசியில் சொன்னதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். பிறகு எந்தத் தேதியில் காலி செய்தார்கள் என்பதே சண்டையாகிவிடும். “இன்று மாலை சாவி இரண்டையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன் சார்” என்று அன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, அவர் “சரி” என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

முதல் படி, கெடு முடிந்த ஒரு வாரத்துக்குள் அனுப்பும் செய்தி. இதில் கோபம் வேண்டாம். ஓனர் உண்மையிலேயே மறந்திருக்கலாம், ஊரில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தொகையும் தேதியும் இருந்தாக வேண்டும். வாசகிக்கு நான் எழுதிக்கொடுத்தது இப்படி:

“சார், வணக்கம். மே 31 அன்று வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தேன். ஒப்பந்தப்படி ஜூன் 30-க்குள் அட்வான்ஸ் வர வேண்டும். பெயின்ட்டுக்கு 14,000, ஈ.பி. 1,860 போக 84,140 ரூபாய் மீதி. கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதில் ஏதாவது மாற்றம் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜூலை 25-க்குள் என் கணக்கில் போட்டுவிடுங்கள். நன்றி.”

இந்தச் செய்தியில் “மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ஓனருக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்தால் அது இப்போதே வெளியே வரும். இப்போது எதுவும் சொல்லாதவர், மூன்று மாதம் கழித்து டைல்ஸ் உடைந்திருந்தது என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் குறைவு.

ஓனர் எழுத்தில் பதில் சொல்லாமல் போனில் கூப்பிடுவார். பேசுங்கள், மரியாதையாகவே பேசுங்கள். போனை வைத்ததும் பேசியதை இரண்டு வரியில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். “சார், இப்போது பேசியபடி ஆடி 18-க்குள் பாதிப் பணம் தருவதாகச் சொன்னீர்கள். அதற்காகக் காத்திருக்கிறேன்.” அவர் மறுக்காவிட்டாலும் சரி, “ஓகே” போட்டாலும் சரி, வாய்ப்பேச்சு ஒரு பதிவாகிவிட்டது. இந்த உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றினாலும் பழைய போனை எறிந்துவிடாதீர்கள். நாளை நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், மின்னணுப் பதிவுகளை உரிய சான்றிதழோடுதான் தாக்கல் செய்ய வேண்டும். மூலப் பதிவு இருக்கும் கருவி கையில் இருப்பது அப்போது பெரிய வசதி.

வாசகியின் ஓனர் ஆடி 18-ஐயும் தாண்டிவிட்டார். இரண்டாவது படி, தபாலில் போகும் கடிதம். வாட்ஸ்அப்பைப் படிக்காதவர்போல இருந்துவிடலாம். தபால்காரர் வீட்டு வாசலில் நின்று கையெழுத்துக் கேட்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. பல வீடுகளில் மகனோ மருமகளோ அப்போதுதான் இந்தப் பாக்கியைப் பற்றியே கேள்விப்படுகிறார்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். ஓனரின் முகவரி ஒப்பந்தத்தில் இருப்பதாகவே இருக்கட்டும். ரசீதைக் கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். “வாங்க மறுத்தார்” என்று முத்திரையோடு கடிதம் திரும்பி வந்தால் வருத்தப்படாதீர்கள், அந்த உறையைப் பிரிக்கவும் செய்யாதீர்கள். சரியான முகவரிக்குப் பதிவு செய்து அனுப்பிய கடிதத்தை ஒருவர் வாங்க மறுத்தாலும், அது சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துக்கொள்கின்றன.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, அட்வான்ஸ் கொடுத்த விதம், காலி செய்த நாள், கணக்கு, ஏற்கெனவே கேட்ட தேதிகள், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு, பதினைந்து நாள் கெடு. கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: கெடுவுக்குள் வராவிட்டால் இந்தக் கடிதத் தேதியிலிருந்து வட்டியும் சேர்த்துக் கேட்பேன் என்பது. ஒப்பந்தத்தில் வட்டி பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், எழுத்தில் வட்டி கேட்ட நாளிலிருந்து அதை வழங்க 1978-ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம் நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. கேட்காமல் விட்டால் அந்த நாட்களின் வட்டி போனது போனதுதான்.

இந்தக் கடிதத்துக்குத்தான் வாசகிக்கு முதல்முறையாக ஒரு காரணம் பதிலாக வந்தது. ஹாலில் டைல்ஸ் விரிசல், சமையலறைக் குழாய் பழுது, படுக்கையறைக் கதவின் பூட்டு உடைந்திருக்கிறது, எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் செலவு என்று ஓனர் வாட்ஸ்அப்பில் எழுதினார். வாசகி மனம் உடைந்து எனக்கு எழுதினார். எனக்கோ இது நல்ல செய்தியாகப் பட்டது. “புது ஆள் வரட்டும்” என்ற பேச்சு போய், தொகையைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது. தகராறு இப்போது 84,140 ரூபாய்க்கு இல்லை, 25,000 ரூபாய்க்கு மட்டுமே. மீதி 59,140 ரூபாயைத் தர வேண்டும் என்பதை ஓனர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது.

இப்படிப் பட்டியல் வரும்போது மொத்தமாக மறுக்காதீர்கள், மொத்தமாக ஏற்கவும் செய்யாதீர்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எது யார் செலவு என்பதற்கு 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வழிகாட்டுகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய்கள் மாற்றுவது, மின் ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. திருகுகுழாய், அதன் வாஷர், சுவிட்ச், கதவின் பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. புழக்கத்தில் தானாக வரும் தேய்மானத்தைக் குடியிருந்தவர் தலையில் கட்ட முடியாது. ஆணி அடித்துப் பெயர்ந்த சுவரும் வெயிலில் வெளுத்த சுவரும் ஒன்றல்ல.

வாசகி எழுதிய பதில் இதுதான்: “சார், குழாயும் பூட்டும் நான் இருந்தபோது பழுதானவை. அதற்கான பில்லை அனுப்புங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஹால் டைல்ஸ் விரிசல் நான் குடிவந்த அன்றே இருந்தது. அன்று எடுத்து உங்களுக்கு அனுப்பிய படத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். பில்லைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள்.” குழாய்க்கும் பூட்டுக்கும் வந்த பில் 2,400 ரூபாய். டைல்ஸ் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. குடிவந்த அன்று சுவரையும் தரையையும் போனில் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்த ஒரு பழக்கம், 20,000 ரூபாய்க்கு மேல் காப்பாற்றிக் கொடுத்தது. வரவேண்டிய தொகை 81,740 ரூபாய் என்று முடிவானது.

தொகை முடிவானாலும் கையில் பணம் இல்லை என்றார் ஓனர். இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. ஒரே தவணையில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பகையாவதைவிட, தேதி போட்ட இரண்டு தவணை மேல். முதல் தவணை இப்போதே வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும். தவணையை எழுத்தில் வாங்குங்கள், முடிந்தால் ஓனர் கையெழுத்தோடு. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பணத்தை மீட்க வழக்குப் போடக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் ஓனர் கையெழுத்திட்டு கடனை ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். வாயால் “தருகிறேன்” என்று எத்தனை முறை சொன்னாலும் காலவரம்பு நீளாது. நட்பாகப் பேசிப் பேசியே மூன்று வருடத்தைக் கடத்திவிட்டவர்களின் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன.

சிலர் பின்தேதியிட்ட காசோலை தருவார்கள். வாங்கிக்கொள்ளலாம். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட்டுவிட வேண்டும். பணமில்லாமல் திரும்பினால் நாட்கள் மிக முக்கியம். வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும், தராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். “இன்னொரு தடவை போட்டுப் பாருங்க” என்ற பேச்சில் இந்த நாட்களை இழந்துவிடாதீர்கள். காசோலை திரும்பிய அன்றே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

கடிதத்துக்கும் பதில் இல்லை, அல்லது சொன்ன தவணை வரவில்லை என்றால் மூன்றாவது படி, வக்கீல் நோட்டீஸ். நீங்கள் போட்ட கணக்கையும் அனுப்பிய கடிதங்களையும் அப்படியே வக்கீலிடம் கொடுங்கள். நோட்டீஸ் அதிலிருந்தே வந்துவிடும், செலவும் குறையும். வழக்கு எந்த நீதிமன்றத்தில், 2017 சட்டத்தின்கீழா சாதாரண சிவில் வழக்காகவா என்பது, உங்கள் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகார அமைப்பில் பதிவானதா என்பதைப் பொறுத்து மாறலாம். ஒப்பந்தத்தை வக்கீலிடம் நேரில் காட்டி அதை முடிவு செய்யுங்கள்.

வழக்குக்கு முன்னால் இன்னொரு கதவும் இருக்கிறது, அதைத் தட்டுபவர்கள் குறைவு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா அளவில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அங்கே நீதிமன்றக் கட்டணம் இல்லாமல், வழக்குக்கு முந்தைய மனு ஒன்றை எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். சமரசம் ஆனால் அது மக்கள் நீதிமன்றத்தின் முன் பதிவாகி, சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாகிவிடும். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு விவரம் கேட்கலாம். இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓனர் அழைப்புக்கு வராவிட்டாலோ, வந்தும் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. பிறகு வழக்குதான்.

ஆத்திரத்தில் சிலர் செய்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலீஸில் புகார் கொடுப்பேன் என்று மிரட்டுவதில் பெரும்பாலும் பலனில்லை. பணத்தைத் திருப்பித் தராத இந்த மாதிரி விஷயத்தை, சிவில் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள் என்றுதான் காவல் நிலையத்தில் சொல்வார்கள். ஓனரின் படத்தையும் முகவரியையும் தெருக் குழுக்களில் போடுவதும், அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சத்தம் போடுவதும், நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே வழக்கை அவர் பக்கம் திருப்பிவிடும்.

வாசகியின் ஓனர் முதல் தவணையாக 40,000 ரூபாயை எழுதிக்கொடுத்த நாளிலேயே போட்டுவிட்டார். மீதி 41,740 ரூபாய் அடுத்த மாதம் வந்தது. வக்கீல் நோட்டீஸ் வரை போகத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முடியாமல் போனாலும் உங்கள் கையில் ஒரு முழுக் கோப்பு இருக்கும். எந்த வக்கீலும் எந்த நீதிபதியும் பத்து நிமிடத்தில் படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த ஒரு லட்சம், காலி செய்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ். அது வராததால்தான் நம் வாசகி நகையை அடகு வைத்துப் புது வீட்டுக்குக் குடிபோனார். நோட்டீஸ் வந்த அன்றே கணக்குப் பார்க்கத் தொடங்குங்கள். முழுவதும் இல்லாவிட்டால் எவ்வளவு, எப்போது என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

இப்போது அட்வான்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் இன்றிரவு உட்கார்ந்து அந்த ஒரு தாள் கணக்கை எழுதுங்கள். நாளைக் காலை அனுப்பும் செய்தியில் தொகையும் தேதியும் இருக்கட்டும். பதில் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்